"எந்த வேலையும் செய்ய முடியாது" என்ற வரி மருத்துவக் குழுவுக்கு எதையும் சொல்லாது

கேள்வி: என் தம்பிக்கு 33 வயது. ஒன்பது வருடமாக மனச்சிதைவு நோய்க்கு மருந்து சாப்பிடுகிறான். அம்மாவோடு இருக்கிறான். மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு விண்ணப்பித்தபோது நானும் ஒரு கடிதம் வைத்தேன். நோயின் பெயர், மாத்திரைகளின் பெயர் எல்லாம் எழுதி, "இவரால் எந்த வேலையும் செய்ய முடியாது, குடும்பம் மிகவும் கஷ்டப்படுகிறது" என்று முடித்தேன். மருத்துவக் குழுவில் கேட்டபோது தம்பி, தானே குளிப்பதாகவும் கடைக்குப் போவதாகவும் சொல்லிவிட்டான். 40 சதவீதத்துக்குக் கீழே போட்டுவிட்டார்கள். தெரிந்தவர் ஒருவர், "அடுத்த முறை ஒன்றுமே தெரியாதவன் என்று எழுது, அவனைப் பேசவிடாதே" என்கிறார். அம்மாவோ, "சான்றிதழே வேண்டாம். பைத்தியம் என்று முத்திரை விழுந்துவிடும், சொத்துகூட அவன் பேருக்கு வராது" என்கிறார். போன வருடம் அம்மா முழங்கால் அறுவை சிகிச்சைக்காக ஆறு நாள் மருத்துவமனையில் இருந்தார். அப்போது இவன் சட்டையைக்கூட மாற்றவில்லை, மாத்திரை அட்டையும் அப்படியே இருந்தது. அப்பா மத்திய அரசு வேலையில் ஓய்வு பெற்று இறந்தவர். அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. அம்மாவுக்குப் பிறகு இவன் என்ன செய்வான் என்பதுதான் என் பயம். கடிதத்தை எப்படி எழுதுவது?

— ஓர் அக்கா

மனநல மருத்துவரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

எனக்கு எழுதியபோது அந்த ஆறு நாட்களைப் பற்றிப் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். குழுவுக்கு எழுதியதில் அது இல்லை. நோயின் பெயரும் மாத்திரையின் பெயரும் மருத்துவர்களுக்கு எப்படியும் தெரிந்துவிடும், சிகிச்சைச் சீட்டைப் புரட்டினால் போதும். அம்மா இல்லாதபோது தம்பி என்ன ஆகிறார் என்பது அந்த வீட்டில் இருப்பவர்களைத் தவிர யாருக்கும் தெரியாது. சதவீதம் பெரும்பாலும் இந்த இரண்டாவது விஷயத்தைப் பொறுத்துத்தான் அமைகிறது.

குழு எதை அளக்கிறது

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன்படி பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதம்தான் வாசல். மனநோய்க்கு அந்தச் சதவீதத்தைக் கணக்கிட 'ஐடியாஸ்' என்ற அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள். இந்திய மனநல மருத்துவர்கள் சங்கம் உருவாக்கியது அது. நோயின் பெயருக்கு அதில் மதிப்பெண் கிடையாது. எத்தனை மாத்திரை, எவ்வளவு வீரியம் என்பதற்கும் கிடையாது. குடும்பம் படும் கஷ்டத்துக்கும் கிடையாது. இதைச் சொல்ல எனக்கே வருத்தமாக இருக்கிறது, ஆனால் தெரிந்துகொண்டு எழுதுவதுதான் நல்லது.

அது பார்ப்பது நான்கு விஷயங்களை. முதலாவது தன்னைப் பேணுதல்: குளியல், உடை, சாப்பாடு, தன் உடல்நலத்தைக் கவனித்துக்கொள்வது. இரண்டாவது பிறரோடு பழகுதல். மூன்றாவது, பேசுவதும் பிறர் சொல்வதைப் புரிந்துகொள்வதும். நான்காவது வேலை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். 0 என்றால் சிரமம் இல்லை, 4 என்றால் அறவே இயலாத நிலை. இந்த நான்கையும் கூட்டி, நோய் எத்தனை வருடமாக இருக்கிறது என்பதற்கு ஒரு மதிப்பெண் சேர்ப்பார்கள். இரண்டு வருடத்துக்குக் குறைவு என்றால் 1, இரண்டு முதல் ஐந்து வருடம் வரை 2, ஆறு முதல் பத்து வருடம் வரை 3, அதற்கு மேல் 4. மொத்தம் 20. கூட்டுத்தொகை 6 வரை என்றால் 40 சதவீதத்துக்குக் கீழே. 7 முதல் 13 வரை என்றால் 40 முதல் 70 சதவீதம். 14-உம் அதற்கு மேலும் என்றால் கடுமையான நிலை.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒன்பது வருடமாக நோய் இருக்கும் ஒருவருக்குக் கால அளவுக்கே 3 வந்துவிடும். அவர் குழுவின் முன் உட்கார்ந்து, "நானே குளிப்பேன், நானே சாப்பிடுவேன்" என்கிறார். பேச்சும் தெளிவாக இருக்கிறது. உடன் வந்தவரின் கடிதத்தில் வேறு எந்த விவரமும் இல்லை. தன்னைப் பேணுதலுக்கு 0, பழகுதலுக்கு 1, பேச்சுக்கு 0, வேலைக்கு 2 என்று போட்டால் 3. கால அளவின் 3-ஐச் சேர்த்தால் 6. ஒரே ஒரு மதிப்பெண்ணில் வாசலுக்கு வெளியே நின்றுவிடுகிறார். அதே ஆளைப் பற்றி, அவர் எப்போது, யார் சொல்லி, எப்படிக் குளிக்கிறார் என்ற விவரம் கையில் இருந்திருந்தால் முதல் இடத்தில் 0 விழுந்திருக்காது. உங்கள் தம்பியை நான் பார்த்ததில்லை, அவருக்கு எவ்வளவு வரும் என்று சொல்ல என்னால் முடியாது. ஆனால் இப்படி ஒரு மதிப்பெண்ணில் தவறிப்போகிற விண்ணப்பங்கள் உண்டு. அங்கே தவறியது பெரும்பாலும் விவரம்தான்.

"செய்வார்" என்ற சொல்லுக்குள் இருக்கும் நான்கு கேள்விகள்

ஒரு வேலையை ஒருவர் செய்கிறாரா என்று கேட்டால் ஆமாம், இல்லை என்று இரண்டு பதில்தான் வரும். மனச்சிதைவு நோயில் இந்த இரண்டுமே பெரும்பாலும் பொய்யாகப் போகும். கை கால் நன்றாக இருக்கிறது, குளிக்கும் முறையும் தெரியும். கெட்டுப்போவது வேறு: தானாகத் தொடங்கும் உந்துதல், தொடங்கியதை முடிக்கும் பிடிப்பு, நாள்தோறும் அதையே தொடரும் ஒழுங்கு. குரல் கேட்பது, சந்தேகப்படுவது போன்றவை மருந்தில் அடங்கிய பிறகும் இந்தப் பகுதி அப்படியே நின்றுவிடுவது உண்டு. பார்ப்பவர்கள் இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்லிவிடுகிறார்கள். பல வருடம் கேட்டுக் கேட்டு வீட்டில் இருப்பவர்களும் அப்படியே நினைக்கத் தொடங்குகிறார்கள், அதனால் கடிதத்தில் எழுதாமல் விட்டுவிடுகிறார்கள்.

ஆகவே ஒவ்வொரு செயலுக்கும் நான்கு கேள்விகளைக் கேட்டு எழுதுங்கள். தானாகத் தொடங்குகிறாரா, யாராவது சொல்ல வேண்டுமா, எத்தனை முறை? முழுதாக முடிக்கிறாரா, பாதியில் விடுகிறாரா? வாரத்தில் எத்தனை நாள்? யாரும் சொல்லாமலும் உதவாமலும் இருந்தால் என்ன நடக்கிறது? நான்காவது கேள்விக்கான பதிலில்தான் உங்கள் அம்மா வெளியே தெரிவார். இத்தனை வருடமாக அவர் செய்துவரும் வேலை தம்பியின் குறைபாட்டை மூடி வைத்திருக்கிறது. தம்பி குளித்து, சட்டை மாற்றி, குழுவின் முன் வந்து உட்கார்ந்தாரே, அன்று காலை வீட்டில் என்ன நடந்தது என்று அம்மாவைக் கேளுங்கள். அதையும் எழுதுங்கள்.

இதே போன்ற நிலையில் இருக்கும் ஒருவருக்கு எப்படி எழுதலாம் என்று காட்டுகிறேன். "தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாது" என்பதற்குப் பதிலாக:

"குளிக்கத் தெரியும், உடலில் தெம்பும் இருக்கிறது. ஆனால் தானாகக் குளிக்கப் போவதில்லை. அம்மா காலையில் நான்கைந்து முறை சொன்ன பிறகு வாரத்தில் மூன்று நாள் குளிக்கிறார். சோப்புப் போடாமல் தண்ணீரை மட்டும் ஊற்றிக்கொண்டு வந்துவிடுவதால் அம்மா கதவுக்கு வெளியே நின்று ஒவ்வொன்றாகச் சொல்கிறார். மாற்றுத் துணியைக் கையில் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கழற்றிய துணியையே மறுபடி போட்டுக்கொள்கிறார். மாத்திரையை அம்மா எடுத்துக் கொடுத்து, விழுங்கும் வரை பக்கத்தில் இருக்கிறார். அம்மா ஆறு நாள் மருத்துவமனையில் இருந்தபோது ஒரு நாளும் குளிக்கவில்லை, சட்டை மாற்றவில்லை, மாத்திரை சாப்பிடவில்லை. பக்கத்து வீட்டார் சாப்பாடு கொடுத்த வேளைகளில் மட்டும் சாப்பிட்டார்."

இதில் மிகைப்படுத்திய சொல் ஒன்றுகூட இல்லை. "மிகவும்", "பயங்கரமாக", "சுத்தமாக" எதுவும் கிடையாது. "குளிக்கத் தெரியும்" என்று ஆரம்பிப்பதால், குழுவின் முன் அவர் "நானே குளிப்பேன்" என்று சொன்னாலும் கடிதம் பொய்யாகாது. அவர் சொன்னது ஒரு பாதி என்பது படிப்பவருக்குப் புரிந்துவிடும்.

கடைக்குப் போவதையும் இப்படியே பாருங்கள். அதை மறைக்கத் தேவையில்லை, திறந்து எழுதுங்கள். "தெருமுனைக் கடைக்கு மட்டும் போவார். ஒரு பொருள் சொன்னால் வாங்கி வருவார், இரண்டு சொன்னால் ஒன்றை விட்டுவிடுவார். மீதிச் சில்லறையை எண்ணிப் பார்ப்பதில்லை. கேட்ட பொருள் இல்லை என்றால் வேறு கேட்காமல் திரும்பி வந்துவிடுவார். கடையில் கூட்டம் இருந்தால் உள்ளே போகாமல் வெளியிலேயே நின்றுவிட்டு வெறுங்கையோடு வருவார்." உங்கள் தம்பி விஷயத்தில் இவற்றில் எது உண்மையோ அதை மட்டும் எழுதுங்கள். ஒரு கடைப் பயணத்தை இவ்வளவு விவரமாகச் சொன்னால் பிறரோடு பழகுவது, பேசுவது, வேலை மூன்றுமே அதில் வந்துவிடுகின்றன.

வேலையைப் பற்றி எழுதும்போது

"வேலைக்குப் போவதில்லை" என்று எழுதினால் குழுவுக்கு எழும் முதல் கேள்வி, முயற்சி செய்தாரா என்பதுதான். வேலை கிடைக்காமல் வீட்டில் இருப்பவரும் வேலைக்குப் போவதில்லைதானே. அளவுகோல் பார்ப்பது, ஒருவரால் வேலையை முழுமையாகவும் திறமையாகவும் உரிய நேரத்திலும் செய்ய முடிகிறதா என்பதை. அதனால் முயற்சிகளின் வரலாற்றை எழுதுங்கள். எந்த வருடம், என்ன வேலை, எத்தனை நாள் நின்றது, ஏன் நின்றது. "உறவினரின் அச்சகத்தில் தாள் அடுக்கும் வேலை. மூன்று வாரம் போனார். ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியவில்லை. நடுவில் எழுந்து வெளியே போய் நின்றுவிடுவார். மற்றவர்கள் சிரித்தால் தன்னைப் பற்றித்தான் என்று நினைத்து, மூன்றாவது வாரத்தில் நின்றுவிட்டார்." இப்படி இரண்டு முயற்சிகள் இருந்தால் போதும். வேலை கொடுத்தவர் ஒரு தாளில் இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தால் இன்னும் நல்லது.

ஒருவர் சம்பளத்துக்கு வேலைக்கே போனதில்லை என்றால் வீட்டு வேலையையோ படிப்பையோ வைத்து மதிப்பிடலாம். இது நிறையப் பேருக்குத் தெரிவதில்லை. குறிப்பாகத் திருமணமான பெண்களுக்கு விண்ணப்பிக்கும்போது, "இவர் வேலைக்குப் போகிறவர் இல்லை" என்று அந்த இடத்தைக் காலியாக விட்டுவிடுகிறார்கள். சமையலைத் தொடங்கிவிட்டு அடுப்பை மறந்துபோவதும், குழந்தையின் பள்ளி நேரத்துக்கு எழ முடியாமல் போவதும் அந்த இடத்தில் எழுத வேண்டியவை.

இன்னொன்று, மருந்தினால் வரும் தடை. இரவு மாத்திரை சாப்பிட்டால் மறுநாள் காலை பதினொரு மணி வரை எழுப்ப முடியவில்லை, கை நடுங்குகிறது, வாயில் எச்சில் வடிகிறது என்றால் அதுவும் வேலையைத் தடுப்பதுதான். நோய் அடங்கியிருப்பதற்கு அவர் கொடுக்கும் விலை அது. நேரத்தோடு குறித்து எழுதுங்கள்.

இதையெல்லாம் நினைவிலிருந்து எழுத உட்கார்ந்தால் மோசமான நாட்கள்தான் முதலில் வரும். இரண்டு வாரம் ஒரு நோட்டில் தினமும் நான்கைந்து வரி குறித்து வைக்க அம்மாவிடம் சொல்லுங்கள்: எப்போது எழுந்தார், குளித்தாரா, எத்தனை முறை சொல்ல வேண்டியிருந்தது, மாத்திரையை யார் கொடுத்தார், வெளியே போனாரா, யாரோடாவது பேசினாரா. நல்ல நாட்களையும் அதில் எழுத வேண்டும். பிறகு கடிதத்தில், "சாதாரண வாரம் இப்படி இருக்கும். வருடத்தில் சில முறை இதைவிட மோசமாகி, அப்போது இப்படி ஆகும்" என்று இரண்டையும் பிரித்து எழுதுங்கள். மோசமான வாரத்தையே எப்போதும் உள்ள நிலை என்று எழுதினால், நல்ல நாளில் அவரைப் பார்க்கிற மருத்துவர் கடிதம் முழுவதையும் நம்பாமல் போய்விடுவார்.

அவரைப் பேசவிடாமல் செய்ய வேண்டாம்

உங்களுக்குத் தெரிந்தவர் சொன்ன யோசனை அக்கறையில் வந்ததாக இருக்கலாம். ஆனால் அது மூன்று வகையில் கெடுதல். முதலாவது, அது எடுபடாது. குழு அவரை நேரில் பார்க்கும், சிகிச்சைச் சீட்டுகளைப் படிக்கும். "பேச்சே வராது" என்று கடிதம் சொல்லி, போன மாதச் சீட்டில் "நன்றாகப் பேசுகிறார்" என்று இருந்தால் உண்மையான குறைபாடுகளும் சேர்ந்தே அடிபட்டுப் போகும். இரண்டாவது, மாற்றுத்திறனாளிகளுக்கான பயனை ஏமாற்றிப் பெறுவது அதே சட்டத்தின் 91-ஆம் பிரிவின்கீழ் குற்றம். இரண்டு வருடம் வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உண்மையாகவே தகுதி இருக்கக்கூடிய ஒருவருக்காக இந்த ஆபத்துக்குள் போக வேண்டிய தேவையே இல்லை.

மூன்றாவதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. இது அவருடைய விண்ணப்பம். 33 வயது ஆண், தன்னால் எதுவும் முடியாது என்று அக்கா எழுதியிருப்பதைக் கேட்டுக்கொண்டு வாய் மூடி உட்கார வேண்டும் என்பது அவருக்குச் செய்யும் அவமானம். அன்று அவர் "நானே செய்வேன்" என்று சொன்னதில் நோயின் பங்கும் இருக்கலாம். தனக்கு இருக்கும் சிரமம் தனக்கே புலப்படாமல் போவது இந்த நோயில் சாதாரணம். அதோடு தன்மானமும் இருக்கலாம். இரண்டையும் மதித்து நடந்துகொள்ள முடியும். கடிதத்தை அனுப்புமுன் அவரோடு உட்கார்ந்து, அவர் செய்யும் விஷயங்களை முதலில் படித்துக் காட்டுங்கள். அப்புறம் அம்மா எங்கெங்கே கை கொடுக்கிறார் என்பதைப் படியுங்கள். அவர் மறுத்தால், "என் கருத்தில் நானே செய்கிறேன்" என்று அவர் சொல்வதையும் ஒரு வரியாகச் சேர்த்துவிடலாம். அது கடிதத்தைப் பலவீனமாக்காது.

ஐடியாஸ் முறையே நோயாளியை முதன்மையாகக் கவனித்துக்கொள்பவரிடம் கேட்டு மதிப்பெண் போடும்படி அமைந்தது. அதனால் குழுவுக்குப் போகும்போது தினமும் கூட இருக்கும் அம்மாவே வர வேண்டும். நீங்கள் நன்றாகப் பேசுபவராக இருக்கலாம், ஆனால் காலை ஆறு மணிக்கு அந்த வீட்டில் இருப்பவர் அவர்தான். "இவர் முன்னால் எல்லாம் சொல்ல இயலாது, ஐந்து நிமிடம் தனியாகப் பேசலாமா?" என்று கேட்பதில் தவறில்லை.

சிகிச்சை தரும் மருத்துவரின் கடிதம்

உங்கள் கடிதத்தோடு, வழக்கமாகப் பார்க்கும் மனநல மருத்துவரின் கடிதமும் இருக்க வேண்டும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. புறநோயாளர் சீட்டில் மாதாமாதம் "நிலையாக இருக்கிறார், மருந்து தொடரவும்" என்று எழுதுவது எங்கள் வழக்கம். நோய் முற்றவில்லை, மருந்தை மாற்றத் தேவையில்லை என்பதுதான் அதன் அர்த்தம். அதையே குழுவில் புரட்டிப் பார்க்கும்போது, ஆள் நலமாக வாழ்கிறார் என்று தோன்றிவிடும். மூன்று நிமிடத்தில் முடிகிற சந்திப்பில் யாரும் குளியலைப் பற்றிக் கேட்பதில்லை. நீங்களும் சொல்லியிருக்க மாட்டீர்கள்.

அதனால் அடுத்த சந்திப்புக்கு அந்த இரண்டு வார நோட்டை எடுத்துப் போய், அதிலுள்ளதைச் சீட்டில் பதிவு செய்யக் கேளுங்கள். மருத்துவர் தரும் கடிதத்தில் நோய் தொடங்கிய காலம், எந்த மருத்துவமனைகளில் எப்போது சிகிச்சை, மருந்து ஒழுங்காகச் சாப்பிட்டும் மிஞ்சியிருக்கும் அறிகுறிகள், அதனால் அன்றாட வாழ்வில் வரும் தடை, இனி பெரிய மாற்றம் எதிர்பார்க்கலாமா என்பது பற்றிய கருத்து ஆகியவை இருந்தால் நல்லது. மருந்து ஒழுங்காகச் சாப்பிட்டும் என்ற பகுதியைத் தவறவிட வேண்டாம். மாத்திரை சாப்பிடாமல் விட்டதால்தான் இப்படி இருக்கிறார் என்று நினைக்க இடம் கொடுத்தால், "முதலில் சிகிச்சை எடுத்துக்கொண்டு வாருங்கள்" என்று திருப்பி அனுப்புவார்கள்.

நோய் தொடங்கிய தேதிக்கான சான்றை மிகவும் கவனமாகத் தேடுங்கள். முதல் முதலாகப் பார்த்த மருத்துவரின் சீட்டு, முதல் மருந்துச் சீட்டு, கல்லூரியிலோ வேலையிலோ நீண்ட விடுப்புக்குக் கொடுத்த சான்று எதுவானாலும் சரி. கால அளவுக்கு மதிப்பெண் உண்டு என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. உங்கள் பயம் எதைப் பற்றியதோ, அதற்கும் இந்தத் தேதி தேவை.

அம்மாவுக்குப் பிறகு

குடும்ப ஓய்வூதியத்துக்குக் கேட்கும் கேள்வி வேறு. மத்திய அரசின் ஓய்வூதிய விதிகளின்படி, மனநலக் குறைபாட்டால் வாழ்க்கைக்குச் சம்பாதிக்க இயலாத மகனோ மகளோ 25 வயதுக்குப் பிறகும் குடும்ப ஓய்வூதியம் பெறலாம், அந்த நிலை நீடிக்கும் வரை. அந்தக் குறைபாடு பெற்றோர் இருவரும் உயிரோடு இல்லாமல் போவதற்கு முன்பே இருந்திருக்க வேண்டும். தொடக்கத் தேதி முக்கியம் என்றது இதனால்தான். அங்கே 40 சதவீதம் என்று காட்டினால் மட்டும் போதாது, "சம்பாதித்து வாழ இயலாத அளவு" என்று மருத்துவச் சான்று சொல்ல வேண்டும். ஆகவே வேலையைப் பற்றி மேலே சொன்ன பகுதியை இந்த விண்ணப்பத்துக்குத் தனிக் கடிதமாக, இன்னும் விரிவாக எழுதுங்கள். ஒரே கடிதத்தை நகலெடுத்து இரண்டு இடத்திலும் கொடுத்தால் ஒரு கேள்விக்கான பதில் மற்றதில் காணாமல் போய்விடும். தம்பியின் பெயரை ஓய்வூதிய ஆணையில் அம்மா உயிரோடு இருக்கும்போதே சேர்த்து வைக்க வழி உண்டு. அம்மா நடமாடும்போதே ஓய்வூதிய அலுவலகத்தில் கேட்டு அதை முடித்துவிடுங்கள். பிறகு செய்தால் அலைச்சல் பல மடங்கு.

அம்மாவின் பயத்துக்கும் பதில் இருக்கிறது. மாற்றுத்திறனாளி சான்றிதழ் யாரையும் சட்டப்படி செல்லாதவராக ஆக்குவதில்லை. 2016 சட்டத்தின் 13-ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளிகளுக்கு மற்றவர்களைப் போலவே சொத்தை வைத்திருக்கவும் வாரிசாகப் பெறவும் தங்கள் பண விவகாரங்களைக் கையாளவும் உரிமை உண்டு என்கிறது. வீடு தம்பி பெயருக்கு வருவதை இந்தச் சான்றிதழ் தடுக்காது. அம்மா சொல்வதில் ஒரு பகுதி உண்மைதான்: மாற்றுத்திறனாளி அடையாள அட்டையில் குறைபாட்டின் வகை இருக்கும், அதைக் காட்டும் இடத்தில் தெரியத்தான் செய்யும். சலுகை கேட்காத இடத்தில் அதைக் காட்ட வேண்டியதில்லை. எங்கே காட்டுவது என்பதைத் தம்பியும் சேர்ந்து முடிவு செய்யட்டும்.

இப்போது கையில் இருக்கும் முடிவை என்ன செய்வது

இரண்டு வழி இருக்கிறது. சான்றளித்த அதிகாரியின் முடிவை எதிர்த்து 59-ஆம் பிரிவின்கீழ் மேல்முறையீடு செய்யலாம். அதற்கு மாநில அரசு நியமித்த அதிகாரி இருக்கிறார், யார் என்பதை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் சொல்வார்கள். அல்லது புதிய ஆவணங்களோடு மறுமதிப்பீடு கேட்கலாம், இணையத்தில் swavlambancard.gov.in தளம் வழியாக. உங்கள் விஷயத்தில் குழு தவறாகக் கணக்குப் போட்டது என்பதைவிட, அதன் கைக்குத் தகவல் போய்ச் சேரவில்லை என்றே தோன்றுகிறது. மேல்முறையீட்டிலும் பழைய கடிதமே போனால் பழைய பதிலே வரலாம். ஆனாலும் மேல்முறையீட்டு உரிமை காலாவதியாகிவிடக் கூடாது. அதனால் அந்த அலுவலகத்தில் கடைசித் தேதியை இந்த வாரமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தேதி நெருங்கியிருந்தால் நோட்டு முடியும் வரை காத்திருக்காமல் மேல்முறையீட்டைப் பதிவு செய்துவிட்டு, கடிதங்களைப் பின்னர் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள்.

இந்த முறை 40-ஐத் தாண்டினாலும், நிலை மாறக்கூடும் என்று குழு நினைத்தால் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் செல்லும் சான்றிதழைத் தரலாம். அதைக் குறையாக நினைக்க வேண்டாம். அந்தக் காலத்தில் தம்பி இரண்டு மணி நேர வேலை ஒன்றை முயன்று பார்க்க விரும்பினால் சான்றிதழுக்குப் பயந்து தடுக்காதீர்கள். அது நிலைத்தால் அவருக்கு நல்லது. நிற்காமல் போனால் எத்தனை நாள் போனார், எங்கே தடுமாறினார் என்பதை அதே நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த மதிப்பீட்டுக்கு அந்தப் பக்கமே போதுமான ஆதாரமாக இருக்கும்.